அலை இறங்கும் வரை: 13 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கான பயிற்சி நோட்டு

உனக்கு

இந்த நோட்டை நீயாக ஆசைப்பட்டு வாங்கியிருக்க மாட்டாய். வாரம் ஒருமுறை நீ பார்க்கும் ஆலோசகர் கையில் கொடுத்து, "வீட்டில் செய்து பார், அடுத்த வாரம் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லியிருப்பார். வேண்டாவெறுப்பாகத் திறந்திருந்தாலும் சரி, பரவாயில்லை.

"ஏன் உன்னை நீயே இப்படிக் காயப்படுத்திக்கொண்டாய்?" என்று இதற்குள் பலர் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு வாயைத் திறந்து பதில் சொல்ல யாராலும் முடியாது. அதனால் இங்கே அதைக் கேட்கப்போவதில்லை. நாங்கள் கேட்பது வேறு: அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது? அதற்கும் முன்னால்?

இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்கிறோம். தாங்க முடியாத நேரத்தில், அப்போது தெரிந்த வழியில் தாங்கினாய். அந்த வழி உன்னைக் கெடுக்கிறது, அதை மாற்றியாக வேண்டும். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்வதால் மற்றது பொய்யாகிவிடாது. இப்படி எதிரெதிராகத் தெரிகிற இரண்டை ஒரே கையில் பிடிக்கப் பழக்குவதுதான் டிபிடி, அதாவது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற மனநலச் சிகிச்சை. இதை உருவாக்கியவர் மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர். தானும் பதின்வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவர்தான் என்று அவரே 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு அலெக் மில்லர், ஜில் ராதஸ் போன்றவர்கள் அதைப் பதின்வயதினருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஏற்ற மாதிரி மாற்றினார்கள். நாங்கள் அதை நம் வீடுகளுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் வளைத்திருக்கிறோம். தனி அறை இல்லாத வீடுகள், தாழ்ப்பாள் என்றால் குளியலறையில் மட்டும் இருக்கிற வீடுகள்.

ஒரு விஷயம் முதலிலேயே. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், காயம் ஆழமாக இருந்தால், எதையாவது விழுங்கியிருந்தால், இந்த நோட்டு போதாது. உடனே வீட்டில் ஒரு பெரியவரிடம் சொல், மருத்துவமனைக்குப் போ. பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இனி வரும் தாள்களை யாழினி என்ற பெண் நிரப்பியிருக்கிறாள். அவள் நாங்கள் கற்பனையாக உருவாக்கியவள். வயது 15, பத்தாம் வகுப்பு. நீ தனியாக ஒரு 80 பக்க நோட்டில் எழுது. அட்டையில் "கணக்கு – ரஃப்" என்று எழுதிவை. யாரும் புரட்ட மாட்டார்கள்.

தாள் 1: காலண்டர் கணக்கு

தினமும் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். இரவு சாப்பிட்ட பிறகு இரண்டு நிமிடம். உன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் எவ்வளவு இருந்தது என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போடு. 0 என்றால் நினைப்பே வரவில்லை, 5 என்றால் தாங்கவே முடியவில்லை. அதன்படி நடந்தால் ஒரு வட்டம், நடக்கவில்லை என்றால் ஒரு புள்ளி. யாராவது பார்த்தாலும் கோலப்புள்ளி என்றுதான் நினைப்பார்கள்.

| நாள் | உந்துதல் | குறி | தூக்கம் | செய்து பார்த்தது |
|---|---|---|---|---|
| திங்கள் | 2 | புள்ளி | 6 மணி நேரம் | ஒன்றுமில்லை |
| செவ்வாய் | 3 | புள்ளி | 5 | மாடியில் நடை |
| புதன் | 5 | வட்டம் | 4 | ஒன்றும் தோன்றவில்லை |
| வியாழன் | 4 | புள்ளி | 8 | குளிர்ந்த நீர், அம்மா பக்கத்தில் உட்கார்ந்தது |
| வெள்ளி | 1 | புள்ளி | 7 | தேவைப்படவில்லை |

வியாழக்கிழமையைப் பார். உந்துதல் 4, ஆனாலும் புள்ளி. ஆலோசகர் முதலில் கேட்கப்போவது இந்த நாளைப் பற்றித்தான். உந்துதல் வந்ததே தோல்வி என்று நினைக்காதே. உந்துதல் வந்தும் புள்ளி போட்ட நாள்தான் நீ ஏதோ கற்றுக்கொண்ட நாள். வட்டம் போட்ட நாளை மறைக்கவும் வேண்டாம். பொய்க் கணக்கை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

தாள் 2: சங்கிலி

வட்டம் போட்ட நாளை எடுத்துக்கொள். அது ஒரே நொடியில் "சட்டென்று" நடந்த மாதிரி தோன்றும். அப்படி நடப்பது அபூர்வம். சங்கிலி மாதிரி ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டே வந்திருக்கும். எப்படி, எங்கே காயப்படுத்தினாய் என்று இங்கே எழுதாதே. அதை மருத்துவரிடம் மட்டும் சொல். மற்ற எல்லாவற்றையும், படம் பிடித்த மாதிரி எழுது.

யாழினியின் புதன்கிழமை:

*முந்தின இரவு ஒரு மணி வரை தூங்கவில்லை. காலையில் சாப்பிடவில்லை. மூன்றாவது பீரியடில் காலாண்டுக் கணக்குத் தாள் கொடுத்தார்கள், 31. வயிறு இறுகியது. ரேவதி தன் தாளை மடித்து வைத்துக்கொண்டாள், என்னைப் பார்க்கவில்லை. "இவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை" என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டில் சித்தி வந்திருந்தார். "மார்க் எவ்வளவு கண்ணு?" என்றார். அப்பா முந்திக்கொண்டு, "அதைக் கேக்காதீங்க, மானம் போகுது" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். முகம் சுட்டது, காது அடைத்தது. "நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி" என்று தோன்றியது. குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வட்டம். பத்து நிமிடம் நிம்மதி. அப்புறம் பயம், அருவருப்பு, முழுக்கைச் சட்டை. ராத்திரி அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது கத்தினேன்.*

"பத்து நிமிடம் நிம்மதி" என்று யாழினி எழுதியதை நாங்கள் அடிக்கவில்லை. அது உண்மை. அந்த நிம்மதி கிடைப்பதால்தான் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் சங்கிலி அங்கே முடியவில்லை, ராத்திரிச் சண்டை வரை நீள்கிறது.

இப்போது பென்சிலை எடுத்து, எந்தக் கண்ணியை அறுத்திருக்கலாம் என்று குறி. யாழினி மூன்று இடத்தில் கத்தரிக்கோல் படம் வரைந்தாள். ஒன்று, காலைச் சாப்பாடு; தூங்காத, சாப்பிடாத உடம்பில் எல்லா உணர்ச்சியும் இரண்டு மடங்கு ஏறும். இரண்டு, ரேவதி; அவள் தாளை மடித்ததை யாழினி கண்ணால் பார்த்தாள், "பிடிக்கவில்லை" என்பது யாழினியாகச் சேர்த்தது. (மறுநாள் கேட்டாள். ரேவதிக்கு 28.) மூன்று, தாழ்ப்பாள். அப்பாவின் சிரிப்பை அவளால் அறுக்க முடியாது. அதற்குத் தாள் 4 இருக்கிறது.

தாள் 3: உச்சியில் இருக்கும்போது

உந்துதல் அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். உச்சியில் நிற்கும்போது அது இறங்கவே இறங்காது என்று தோன்றும். அந்த நேரத்தில் அறிவுரை எதுவும் தலைக்குள் போகாது. அதனால் முதலில் உடம்பை இறக்குவோம், மனசை அப்புறம் பார்ப்போம்.

நி–பி–பா–பு என்று மனப்பாடம் செய்துகொள்.

நில்: கை கால் அசையாமல் அப்படியே.
பின்வாங்கு: ஓர் அடி பின்னால் வை, நிஜமாகவே.
பார்: உடம்பில் என்ன, மனசில் என்ன, பக்கத்தில் யார்?
புறப்படு: ஆள் இருக்கும் இடத்துக்கு. ஹால், சமையலறை, திண்ணை. தாழ்ப்பாள் உள்ள அறைக்கு மட்டும் போகாதே.

போன பிறகு இவற்றில் ஒன்று:

குளிர்ந்த நீர். அகலமான பாத்திரத்தில் தண்ணீரும் கொஞ்சம் ஐஸும் போடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணும் கன்னமும் நனையும்படி 15 முதல் 30 வினாடி முகத்தை வை. முகத்தில் குளிர்ச்சி பட்டு மூச்சும் நின்றால் இதயத் துடிப்பு தானாகவே குறையும். உடம்பின் இயல்பே அது. இதய நோய், மயக்கம், சாப்பாட்டுக் கோளாறு இருந்தாலோ, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்தாலோ, மருத்துவரைக் கேட்காமல் செய்யாதே. அம்மா கேட்டால் "முகம் எரியுது" என்று சொல். பொய்யும் இல்லை.

வேகமான உழைப்பு. மாடிப்படி, ஸ்கிப்பிங், குடத்தில் தண்ணீர் தூக்குவது. மூச்சு வாங்க வேண்டும்.

மூச்சு. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். பஸ்ஸில் கூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

ரப்பர் பேண்டைக் கையில் சுண்டிக்கொள், சிவப்புப் பேனாவால் கோடு போடு என்று இணையத்தில் யாராவது சொல்லியிருக்கலாம். அவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். வலி வந்தால்தான் நிம்மதி என்ற பாடத்தையே அவை மறுபடி படிக்க வைக்கின்றன என்பது எங்கள் எண்ணம்.

எழுது: மேலே சொன்னவற்றில் உன் வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கும் செய்ய முடிவது எது? உந்துதல் இல்லாத ஒரு நாளில் அதைச் செய்து பார்த்துவிட்டு எழுது. நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

தாள் 4: கேட்பது

அலை இறங்கிய பிறகுதான் இந்தத் தாள். பொங்கும் மனம் கத்தச் சொல்லும். கணக்குப் போடும் மனம் "சொல்லி என்ன ஆகப்போகுது" என்று வாயை மூடச் சொல்லும். இரண்டையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கிற தெளிந்த மனம் ஒன்று உண்டு. பேச வேண்டியது அது.

வரிசை இது: நடந்ததைச் சொல், உனக்கு எப்படி இருந்தது என்று சொல், வேண்டியதைக் கேள், அதனால் என்ன நல்லது என்று சொல். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று மட்டும் தொடங்காதே.

யாழினி சனிக்கிழமை அப்பாவிடம் பேசியது, முதலில் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு:

*"அப்பா, புதன்கிழமை சித்தி மார்க் கேட்டப்ப, மானம் போகுதுன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ரொம்ப அவமானமா இருந்துச்சு. இனிமே வந்தவங்க முன்னாடி என் மார்க்கைப் பத்திப் பேசாதீங்க. தனியாக் கேளுங்க, நானே தாளைக் கொண்டுவந்து காட்டுறேன்."*

அப்பா "விளையாட்டுக்குச் சொன்னதும்மா" என்றார். யாழினி சண்டைக்குப் போகவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. "விளையாட்டுக்குத்தான்ப்பா, தெரியும். எனக்கு வலிச்சுது. தனியாக் கேளுங்க" என்று அதையே திருப்பிச் சொன்னாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு "சரி" கிடைக்க மூன்று தடவை ஒத்திகை பார்த்தாள்.

உன் சங்கிலியில் நீ அறுக்க முடியாத கண்ணி யாருடைய கையில் இருக்கிறதோ, அவரிடம் சொல்ல நாலு வரி எழுது. ஆலோசகரை அவராக நடிக்கவைத்துப் பேசிப் பார். அந்த ஆள் உன்னை அடிப்பவராகவோ தகாத முறையில் தொடுபவராகவோ இருந்தால் இந்தத் தாள் உனக்கு இல்லை; ஆலோசகரிடம் சொல், அல்லது குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழை.

பெற்றோருக்கு ஒரு பக்கம்

பிள்ளையின் நோட்டைப் படிக்காதீர்கள். இந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள்.

"உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்ற கேள்வி உங்கள் வாயில் வருவது இயல்புதான். ஆனால் அது பிள்ளையின் காதில் "உனக்கு வலிக்க உரிமை இல்லை" என்று விழுகிறது. "இது உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கிறது, எனக்கு இப்போதுதான் புரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள். புரிகிறது என்று சொன்னால் செய்ததை ஒப்புக்கொண்டதாக ஆகாது. காயத்தைக் கண்டால் கத்தாமல், கெஞ்சாமல், கழுவிக் கட்டுப்போட்டு, தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சட்டைக் கையைத் தூக்கிக் காட்டு என்று தினமும் சோதனை போடாதீர்கள். மருந்துப் பெட்டியை இன்றே பூட்டுங்கள். வேறு எதை எடுத்துவைப்பது என்று ஆலோசகர் நேரில் சொல்வார்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது.

மடித்து வைக்கும் சீட்டு

யாழினி தன் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருப்பது. உன்னுடையதை நீயே எழுது.

*நி–பி–பா–பு.*
*ஃப்ரிட்ஜில் ஐஸ் ட்ரே, கீழ்த் தட்டு.*
*அம்மா பக்கத்தில் போய் உட்கார். பேச வேண்டாம். பூண்டு உரி.*
*ரேவதிக்கு போன்.*
*14416.*
*பத்து நிமிடம் கழித்து மறுபடி மதிப்பெண் போடு.*