காசுப் பைக்குள் இருந்த உறை

துண்டில் மூன்றே மருந்துகள். ப்ரொப்ரனொலோல் 40 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, இரண்டு கிழமைக்கு. விட்டமின் பி. தேவைப்பட்டால் பரசிட்டமோல். கையெழுத்துகூட வாசிக்கிற மாதிரி இருந்தது, அதுவே ஒரு அதிசயம்தான். கவுண்டரில் நின்ற பெடியன் ரிஸ்வான் துண்டைப் பார்த்ததும் அலுமாரிக்குப் போய் ப்ரொப்ரனொலோல் பெட்டியை எடுத்துவிட்டான்.

வெள்ளவத்தை, காலி வீதி, மாலை ஆறரை மணி. கடைக்குள் ஏழெட்டுப் பேர். இருமல் பாணி கேட்ட ஐயா ஒருவர் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார்.

துண்டைக் கொண்டுவந்த பெண்ணுக்கு இருபத்திமூன்று, இருபத்திநான்கு வயதிருக்கும். தோளில் கைக்குழந்தை. ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கியபடி மற்றக் கையால் அதன் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பார்த்தாள்.

"எத்தனை நாள் பிள்ளை?" என்று மருந்தாளர் வசந்தி கேட்டாள்.

"மூன்று கிழமை, அக்கா."

"இந்தக் குளிசை எதுக்கு என்று டொக்டர் சொன்னவரா?"

"நெஞ்சு படபட என்று அடிக்குது. இரவில நித்திரை இல்லை. பயத்துக்குத்தான் என்றார்."

"வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களா?"

"இல்லை."

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் சொல்கிற பதில் அதுதான். இரத்தச் சோகைக்குக் குடிக்கிற இரும்புக் குளிசை மருந்தில்லை, நாட்டு மருந்து மருந்தில்லை, வீட்டில் மாமி தந்தது மருந்தே இல்லை. வசந்திக்கு இது தெரியும். ஆனாலும் கூட்டம் நிற்கும்போது ஒருவரை நிறுத்திக் குடைந்து கேட்க யாருக்குத்தான் மனம் வரும்?

அந்தப் பெண் காசு எடுக்கப் பையைத் திறந்தாள். சுருட்டிய ஐந்நூறு ரூபாய்த் தாளோடு ஒரு சின்னப் பழுப்புக் கடதாசி உறையும் வெளியே வந்து கண்ணாடி மேல் விழுந்தது. அரச ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுத் தருவார்களே, அந்த உறை. நீல மையில் எழுதியிருந்தது பாதி அழிந்திருந்தாலும் மருந்தின் பெயரை வாசிக்க முடிந்தது: லபெட்டலோல் 200. கீழே மூன்று வேளை என்று குறி.

வசந்தி ரிஸ்வானின் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இது யாருடையது, தங்கச்சி?"

"என்னோடதுதான். பிள்ளை பிறக்கேக்க பிரசர் கூடிட்டுது. வார்டில தந்தது. அது பிள்ளைப்பேற்றுக் குளிசைதானே?"

"டொக்டரிட்ட இதைக் காட்டினீங்களா?"

"வருத்தம் ஏதும் இருக்கா என்று கேட்டார். பிள்ளை பிறந்தாப் பிரசர் இறங்கிடும் என்று வார்டில சொன்னவை. அதால இல்லை என்றேன்."

பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள், டொக்டர் தனக்குத் தெரிந்ததை வைத்து எழுதினார். இரண்டு துண்டும் தனித்தனியே சரியானவைதான். ஆனால் லபெட்டலோலும் ப்ரொப்ரனொலோலும் இதயத்தில் ஒரே இடத்தில் வேலை செய்கிற மருந்துகள், பீட்டா தடுப்பிகள். இரண்டையும் சேர்த்துக் குடித்தால் நாடித்துடிப்பு அளவுக்கு மீறிக் குறையலாம், பிரசர் சட்டென்று விழலாம். எழுந்து நிற்கும்போது கண் இருண்டு மயங்கினால், தோளில் இருக்கிற பிள்ளையோடுதான் விழுவாள்.

வசந்தி அவளைக் கவுண்டருக்குப் பின்னால் இருந்த கதிரையில் உட்கார வைத்தாள். ஐயாவின் இருமல் பாணியை ரிஸ்வான் கவனித்துக்கொண்டான். பிரசர் பார்க்கிற மெஷின் இரைந்து ஓய்ந்தது. 108க்கு 66. நாடி 58.

நெஞ்சு படபடக்கிறது என்கிறாள், நாடியோ 58. பயந்த மனதுக்கு ஒவ்வொரு துடிப்பும் பெரிதாகக் கேட்கும். அது சரி. ஆனால் இந்த நாடியில் மேலே ப்ரொப்ரனொலோல் 40, மூன்று வேளையா?

"கண் மங்குதா? கடும் தலையிடி? நெஞ்சுக்குக் கீழே, மேல் வயிற்றில நோவு?"

பிரசர் சம்பந்தமான சிக்கல் பிள்ளை பிறந்த பிறகும் ஆறு கிழமை வரை வரலாம் என்பதால் இதைக் கேட்காமல் விடமுடியாது. மூன்றுக்கும் இல்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தலையில எறும்பு ஊருற மாதிரி இருக்கு, அக்கா. ஸ்ட்ரோக் வரப்போகுது என்று நினைச்சேன். அதுதான் டொக்டரிட்ட ஓடினேன்" என்றாள்.

தலைத்தோல் குறுகுறுப்பது லபெட்டலோல் குடிப்பவர்கள் சிலருக்கு வருகிற பக்கவிளைவு. பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இதை யாராவது வார்டில் ஒரு வரி சொல்லியிருந்தால் இவள் மூன்று இரவு முழித்திருக்கமாட்டாள். வசந்தி சொன்னாள். அந்தப் பெண் அழத் தொடங்கினாள், சத்தமில்லாமல். அழுதுகொண்டே, "அப்ப நான் எல்லாத்தையும் விட்டுடுறேன்" என்றாள்.

"அது கூடாது!" வசந்தியின் குரல் அவளுக்கே கொஞ்சம் உரத்துக் கேட்டது. "வார்டில தந்ததை நீங்களா விடக்கூடாது. சட்டென்று நிப்பாட்டினா பிரசர் திரும்பக் கூடும். குறைக்கிறதோ நிப்பாட்டுறதோ கிளினிக்கில சொல்லட்டும். இப்ப இந்தப் புதுக் குளிசையை மட்டும் நான் தரப்போறதில்லை. டொக்டரோட கதைச்சிட்டு வாறேன்."

துண்டின் தலைப்பில் இருந்த நம்பருக்கு எடுத்தாள். முதல் தடவை யாரும் தூக்கவில்லை. இரண்டாம் தடவை டொக்டரே எடுத்தார், சிங்களத்தில், நோயாளி முன்னால் இருக்கிறார் என்ற அவசரத்தோடு. வசந்தியும் சிங்களத்தில், சுருக்கமாக: நீங்கள் ப்ரொப்ரனொலோல் எழுதிய தாய், ஆஸ்பத்திரியில் தந்த லபெட்டலோல் 200 மூன்று வேளை எடுக்கிறார், நாடி 58. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அவர் எனக்குச் சொல்லவில்லையே."

"தெரியும், டொக்டர். அவருக்கு அது மருந்து என்றே தெரியவில்லை."

ப்ரொப்ரனொலோலைக் கொடுக்கவேண்டாம் என்றார். நாளைக் காலையே பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள், இரவில் தலைசுற்றினாலோ மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடட்டும் என்றார். பயத்தைப் பற்றியும் கிளினிக்கில் சொல்லட்டும், அதையும் பார்க்கவேண்டும் என்றார். வசந்தி துண்டில் அந்த வரியை ஒரு கோடு போட்டு வெட்டி, டொக்டரோடு கதைத்த நேரத்தையும் திகதியையும் எழுதி, பக்கத்தில் கையொப்பம் வைத்தாள்.

கணவர் கட்டாரில். அம்மா மட்டக்களப்பில், அடுத்த கிழமைதான் வருகிறார். அறையில் இவளும் பிள்ளையும் மட்டும். "பக்கத்து வீட்டில யார்?" என்று கேட்டபோது, வாடகைக்கு விட்ட அன்ரி நல்லவர், ஆனால் தொந்தரவு கொடுக்க விருப்பமில்லை என்றாள். வசந்தி அவளுடைய போனை வாங்கி அந்த அன்ரிக்கே கோல் எடுத்து, இன்றிரவு ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொன்னாள். அதிகப்பிரசங்கித்தனம்தான். அன்ரி என்னவோ ஓட்டோவுக்குக் காத்திருக்காமல் தானே நடந்து வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதியம் அந்தப் பெண் கோல் எடுத்தாள். கிளினிக்கில் லபெட்டலோலைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள், இரண்டு நாளில் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். மனநல டொக்டரைப் பார்க்கவும் திகதி கொடுத்திருந்தார்கள். பிள்ளை பால் குடிக்கிறது என்றாள், அதை வசந்தி கேட்கவே இல்லை.

பின்னேரம் டொக்டரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம். டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்ட மூன்று மொழியில் ஒரு அறிவித்தல்: கிளினிக் கொப்பியையும் வீட்டில் இருக்கிற எல்லா மருந்து உறைகளையும் கொண்டுவரவும். தமிழ் சரியா என்று கேட்டிருந்தார். வசந்தி இரண்டு எழுத்துப் பிழை திருத்தி, 'குழந்தை பெற்ற தாய்மார் கட்டாயம்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்.