நங்கநல்லூர் வீட்டு ஒப்பந்தம்: ஏழு பக்கத்தில் என்ன இருக்கிறது

மாமா, நீங்கள் போனில் எடுத்து அனுப்பிய ஏழு படங்களையும் பெரிதாக்கி ரெண்டு தடவை படித்துவிட்டேன். அத்தையும் படிக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன். நான்காம் பக்கத்தின் நடுவில் டியூப்லைட் வெளிச்சம் அடித்து மூன்று வரி தெரியவில்லை. ஆறாம் பக்கத்தின் வலது ஓரம் படத்திலேயே வரவில்லை. இந்த இரண்டையும் பற்றி ஊகமாக எதுவும் எழுதவில்லை.

யாருக்கும் யாருக்கும் இடையில்

வீட்டுக்காரர் என்று முதல் பக்கத்தில் இருப்பது திருமதி விஜயலட்சுமி. வாடகைக்கு வருபவர் நீங்கள், ராமநாதன். அத்தையின் பெயர் 'உடன் வசிப்பவர்' என்று மட்டும் வருகிறது. வீடு இரண்டாம் தளத்தில், இரண்டு படுக்கையறை. 200 ரூபாய் முத்திரைத்தாளில் அடித்திருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும் இடத்தில் அந்த அம்மாவின் பெயர் இல்லை, அவருடைய கணவர் பெயர் இருக்கிறது. வாடகை போடச் சொல்லும் வங்கிக் கணக்கும் அவருடையதுதான். மனைவி சார்பில் கையெழுத்திட அவருக்கு பவர் கொடுத்ததாக எங்கேயும் எழுதவில்லை. தப்பான ஆட்களாக இருக்க வேண்டும் என்பதில்லை, டைப் அடித்தவர் பழைய ஃபைலை அப்படியே எடுத்திருக்கலாம். இருந்தாலும் அந்த அம்மாவே கையெழுத்திடட்டும். சொத்து வரி ரசீதையும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள், பெயர் தெரிந்துவிடும்.

எத்தனை நாள்

1.7.2025 முதல் 31.5.2026 வரை, பதினொரு மாதம். ஓராண்டுக்கு மேல் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டியிருக்கும். அதனால்தான் ஊர் முழுக்க இந்தப் பதினொரு மாதக் கணக்கு. புதுப்பித்தால் வாடகை 5 சதவீதம் ஏறும், அதாவது 23,100 ரூபாய். ஆனால் புதுப்பிப்பது 'வீட்டுக்காரர் விருப்பப்படி' என்றிருக்கிறது. நீங்கள் கேட்டாலும் அவர் மறுக்கலாம்.

மாதாமாதம் போகும் பணம்

வாடகை 22,000, மெயின்டனன்ஸ் 2,500, ஆக 24,500. 5-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். 10-ம் தேதியைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் அபராதம். உங்கள் பென்ஷன் மாதக் கடைசியிலேயே வந்துவிடுவதால் இது பிரச்சினையில்லை.

ஈபி பில் நம் பொறுப்பு, தனி மீட்டர். பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். அதனால் நீங்கள் நுழைந்த பிறகு வரும் முதல் பில்லில் முந்தைய குடித்தனக்காரர் ஓட்டியதும் சேர்ந்திருக்கலாம். சாவி வாங்கும் நாளில் மீட்டரில் என்ன எண் இருந்தது என்று எழுதிக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமே விடவில்லை. அன்றைக்கு மீட்டரை ஒரு போட்டோ எடுத்து அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள், அது போதும்.

தண்ணீர் வரி, சொத்து வரி இரண்டும் வீட்டுக்காரருடையது. லாரித் தண்ணீர் வாங்கினால் செலவில் நம் பங்கு தனி, மெயின்டனன்ஸில் சேராது. கோடையில் இது எவ்வளவு ஆகும் என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அட்வான்ஸ்: இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்

எண்ணில் 1,32,000 ரூபாய், ஆறு மாத வாடகை. அதற்குப் பக்கத்திலேயே எழுத்தில் 'ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம்'. இருபதாயிரம் வித்தியாசம். நீங்கள் பேசியது ஆறு மாதம் என்பதால் எண்தான் சரி என்று நினைக்கிறேன். அடித்துத் திருத்தாமல் அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்சடித்துக் கேளுங்கள்.

8-ம் தேதி நீங்கள் ஜிபேயில் அனுப்பிய 10,000 டோக்கன் எங்கேயும் இல்லை. 'முழு அட்வான்ஸும் இன்று பெறப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. 'டோக்கன் 10,000 போக மீதி 1,22,000' என்று சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்து நாளில் முழுத் தொகையும் கேட்டு நிற்பார்கள், அப்புறம் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

திரும்பக் கிடைப்பது எவ்வளவு? வட்டி கிடையாது. காலி செய்து 30 நாளுக்குள் தருவார்கள். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, 22,000, கழித்துக்கொள்வார்கள், சுவர் சுத்தமாக இருந்தாலும் சரி. ஆறு மாதத்துக்குள், அதாவது 31.12.2025-க்கு முன் காலி செய்தால் இன்னொரு மாத வாடகையும் போகும். ஆக, ஒழுங்காக முடித்தால் கைக்கு வருவது 1,10,000. அந்த ஆறு மாதத்துக்குள் கிளம்பினால் 88,000. அதிலும் 'சேதங்களுக்கான தொகை' என்று இன்னொரு கழிவு உண்டு. சேதம் எது, தேய்மானம் எது என்று பிரித்துச் சொல்லவில்லை. வெளிச்சம் அடித்து மறைந்த மூன்று வரியும் இந்த இடத்தில்தான் வருகின்றன. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று 2017-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் சொல்வதாக நீங்கள் கேட்டீர்கள். உண்மைதான். ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் செல்லும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. எனவே அதை வைத்து வாதாடிப் பயனில்லை. பத்து மாதம் கேட்டுப் பழகிய சென்னையில் ஆறு மாதம் மோசமில்லை. பெயின்ட் காசைப் பாதியாகக் குறைக்கக் கேட்பதுதான் பலன் தரும்.

காலி செய்வது

நாம் கிளம்புவதென்றால் இரண்டு மாத நோட்டீஸ், அவர்கள் கிளம்பச் சொன்னால் ஒரு மாதம். இது நியாயமில்லை. உங்கள் வயதில் ஒரு மாதத்தில் வேறு வீடு பார்ப்பதெல்லாம் முடியாத காரியம். இருவருக்கும் இரண்டு மாதம் என்று மாற்றச் சொல்லுங்கள். 2026 மே கடைசியில் நாமே காலி செய்வதானால் மார்ச் 31-க்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

சின்னச் சின்ன நிபந்தனைகள்

செல்லப் பிராணி கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, உள்வாடகை கூடாது. இதெல்லாம் வழக்கமானதுதான். (அத்தையின் சாமிப் படங்களுக்கு ஆணி வேண்டுமே, வாயால் கேட்டு வாட்ஸப்பில் ஒரு 'சரி' வாங்கிக்கொள்ளலாம்.)

விருந்தினர் ஏழு நாளுக்கு மேல் தங்கினால் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டுமாம். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் ஒரு மாதம் வந்து இருப்பார்கள் என்று இப்போதே சொல்லி, 'குடும்பத்தினர் நீங்கலாக' என்று ரெண்டு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

பார்க்கிங் 'ஒரு இருசக்கர வாகனம்' என்றுதான் இருக்கிறது. நம்முடைய காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தரகர் கார் நிறுத்தலாம் என்று சொன்னாரல்லவா? அவர் சொன்னது காகிதத்தில் வரவில்லை.

வீட்டில் இருக்கும் பொருள்களாக நான்கு ஃபேன், ஐந்து டியூப்லைட், ஒரு கீசர் வரை படிக்க முடிகிறது. அதற்கப்புறம் ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது.

கையெழுத்துக்குப் பிறகு

ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது அதே 2017 சட்டம். tenancy.tn.gov.in தளத்தில் செய்யலாம். யார் செய்வது, செலவு யாருடையது என்று ஒப்பந்தம் பேசவில்லை. வீட்டுக்காரர் செய்வதாக ஒரு வரி இருந்தால் நல்லது.

கையெழுத்து 22-ம் தேதி ஞாயிறு என்றீர்கள். நாளைக் காலையில் நான்காம், ஆறாம் பக்கங்களை மட்டும் ஜன்னலோரம் வைத்து, லைட்டை அணைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள் மாமா. அந்த மூன்று வரியைப் பார்க்காமல் பணம் எதுவும் அனுப்ப வேண்டாம்.