வெந்நீர்க் கருவி மாற்றிய செலவைச் செப்டம்பர் வாடகையில் கழித்துக்கொள்வது குறித்து

யீஷூன்,
18 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய திரு. சந்திரசேகரன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஊரில் திருமணம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பொதுக் குளியலறையின் வெந்நீர்க் கருவியை மாற்ற நான் கட்டிய தொகையில் உங்கள் பங்கான 265 வெள்ளியை, செப்டம்பர் 1ஆம் தேதி செலுத்த வேண்டிய வாடகையில் கழித்துக்கொள்கிறேன். எனவே அன்று 2,700 வெள்ளிக்குப் பதிலாக 2,435 வெள்ளி உங்கள் கணக்கிற்கு வரும். தொகை ஏன் குறைந்தது என்று நீங்கள் யோசிக்க நேரக் கூடாது. அதனால்தான் இரண்டு வாரம் முன்பே எழுதுகிறேன்.

தேசிய தின இரவு, ஒன்பது மணிக்குச் சற்றுப் பின், குளியலறைக் கூரைப்பலகையின் விளக்கு வழியாகத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அம்மாதான் முதலில் பார்த்தார். விளக்கிலிருந்து தண்ணீர் விழுகிறது என்றால் நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மின்பெட்டியில் அந்தப் பகுதியின் இணைப்பை நிறுத்தினேன்; குளியலறைக்கு வரும் தண்ணீரையும் அடைத்தேன். பிறகு உங்களை இரண்டு முறை அழைத்தேன். பதில் இல்லாததால் காணொளியும் படங்களும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் காலை "சரி, பார்த்துச் செய்யுங்கள்" என்று நீங்கள் எழுதிய பிறகுதான் வேலைக்கு ஆள் அழைத்தேன். அந்தச் செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் 10ஆம் தேதி பிற்பகல் வந்தார். ஓட்டையை அடைத்தால் போதுமா என்றே முதலில் கேட்டேன். தொட்டியின் அடிப்பாகம் துருப்பிடித்து மெலிந்துவிட்டது, அடைத்தாலும் தாங்காது என்றார். படத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். இந்தக் கருவியில் சத்தம் வருவதையும் வெந்நீர் செந்நிறமாக வருவதையும் மார்ச் மாதமே உங்களிடம் சொன்னேன். அப்போதே ஒருவரை அனுப்பியிருந்தால் அம்மா அந்த இரவு அவ்வளவு பயந்திருக்க மாட்டார். இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் எங்கள் கவனக்குறைவால் பழுதானதாக நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பது எனக்கு மிகவும் முக்கியம். பல ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த கருவி அது.

பழையதைப் போலவே 25 லிட்டர் கருவியை வாங்கினோம். 15 லிட்டர் கருவி 40 வெள்ளி குறைவுதான். ஆனால் நாளை வேறு குடும்பம் குடிவந்தாலும் பயன்படும் அளவு இதுதான் என்று எனக்குத் தோன்றியது. கருவிக்கு 320 வெள்ளி, பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்திய கூலி 110 வெள்ளி, பாதுகாப்பு வால்வுக்கும் இணைப்புக் குழாய்களுக்கும் 35 வெள்ளி. மொத்தம் 465 வெள்ளியையும் அன்றே பேநவ் வழியாகக் கட்டிவிட்டேன். விளக்கு நன்றாகக் காய்ந்த பிறகு அவர் பரிசோதித்துப் பார்த்தார். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.

நம் ஒப்பந்தத்தின் சிறு பழுதுகள் பிரிவின்படி ஒவ்வொரு பழுதுக்கும் முதல் 200 வெள்ளி என் பொறுப்பு, அதற்கு மேற்பட்டது உங்கள் பொறுப்பு. தேய்மானத்தால் போன கருவிக்கு நான் 200 வெள்ளி கொடுக்கத்தான் வேண்டுமா என்று என் மனைவி கேட்டார். கையெழுத்துப் போட்டதை மாற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்த 200 வெள்ளியை நான் ஏற்கிறேன். மீதி 265 வெள்ளியைத்தான் கழிக்கிறேன்.

வாடகையில் கழிப்பது உங்களுக்கு வசதியில்லை என்றால், ஆகஸ்ட் 29ஆம் தேதிக்குள் 265 வெள்ளியை எனக்கு அனுப்பிவிடுங்கள். செப்டம்பர் 1ஆம் தேதி முழு 2,700 வெள்ளியையும் செலுத்திவிடுகிறேன். வைப்புத்தொகைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அக்டோபர் முதல் வாடகை வழக்கம்போல் முழுமையாக வரும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பணம் வந்ததும், "செப்டம்பர் வாடகை முழுவதும் பெறப்பட்டது, 2,435 வெள்ளி பணமாகவும் 265 வெள்ளி பழுதுச் செலவாகவும் கணக்கிடப்பட்டது" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் 265 வெள்ளி பாக்கி என்ற பேச்சு நம் இருவருக்குமிடையே வரக் கூடாது.

பழைய கருவியைத் தூக்கிப் போடவில்லை. சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள் சிங்கப்பூர் திரும்பியதும் வந்து பாருங்கள். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், அப்புறப்படுத்துகிறேன். புதிய கருவியின் உத்தரவாத அட்டையை உங்கள் பெயரில்தான் பதிந்திருக்கிறேன். வீடு உங்களுடையது, கருவியும் உங்களுடையது.

இப்படிக்கு,
இளங்கோவன்

இணைப்பு: கடை ரசீது, கூலி ரசீது, பேநவ் கட்டணப் பதிவு, பழைய தொட்டியின் படங்கள், 9, 10 ஆகஸ்ட் வாட்ஸ்அப் செய்திகள், உத்தரவாத அட்டையின் நகல்