காயர் பித் உலர்த்தி நிறுவ ₹53.00 லட்சம்: ஒப்புதல் கோரும் அலுவலகக் குறிப்பு

அனுப்புநர்: மேலாளர், கணக்குப் பிரிவு
பெறுநர்: நிர்வாக இயக்குநர்
நகல்: உற்பத்தி மேலாளர், ஏற்றுமதிப் பிரிவு
இடம்: கோபாலபுரம் ஆலை, பொள்ளாச்சி வட்டம்
நாள்: 12.02.2026

பொருள்: உற்பத்திப் பிரிவு 03.02.2026 அன்று காட்டிய 14 ஸ்லைடு கோரிக்கையின் மீது தொகை, காரணம், எதிர்பார்க்கும் வரவு ஆகியவற்றைச் சரிபார்த்து ஒப்புதலுக்கு வைத்தல்.

1. கேட்கப்படுவது

மணிக்கு அரை டன் காய்ந்த பித் தரும் சுழல் டிரம் உலர்த்தி ஒன்றும் அதற்கான கொட்டகையும் அமைக்க ₹53,00,000க்கு ஒப்புதல் வேண்டும். இதில் ₹40 லட்சம் வங்கிக் கடன், ₹13 லட்சம் சொந்த நிதி. இயந்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. ₹7,09,200 இதற்கு வெளியே; அது பத்தி 4இல் உள்ளது.

ஸ்லைடு 12இல் கேட்ட தொகை ₹54.50 லட்சம். அதில் ₹8.50 லட்சம் பேட்டரி ஃபோர்க்லிஃப்டுக்கானது. அதற்கும் உலர்த்துவதற்கும் சம்பந்தமில்லை. வேண்டுமானால் தனிக் கோரிக்கையாக வரட்டும். ஸ்லைடு 9இல் முதலீடு மீளும் காலத்தைக் கணக்கிட்டபோதும் அந்த ₹8.50 லட்சத்தை விட்டுவிட்டு ₹46 லட்சத்தையே எடுத்திருக்கிறார்கள்.

2. ஏன் இப்போது

வெயில் காலத்தில் நம் களத்தில் நாளுக்கு 12 டன் காய்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கு மழை உள்ளே வந்துவிட்டால் 5 டன்தான். ஐப்பசியில் வடகிழக்கு மழை பிடித்தாலும் அதே கதி. களப் பதிவேட்டின்படி உற்பத்தி இப்படி விழுந்த நாட்கள் 2023இல் 58, 2024இல் 79, 2025இல் 84. மூன்றாண்டு சராசரி 74.

ஸ்லைடு 6இல் உள்ள படம் தார்ப்பாய் போர்த்திய குவியல். அது எடுக்கப்பட்ட நவம்பர் வாரத்தில் நானும் களத்தில் இருந்தேன். தார்ப்பாயை விலக்கியதும் ஆவி வந்தது. மேலே நாலு விரல்கடை காய்ந்திருந்தது. கீழே கையில் பிழிந்தால் சொட்டியது. அந்தக் குவியலை மூன்று முறை பரப்பி மூன்று முறை வாரினார்கள். மூன்றுக்கும் கூலி உண்டு, ஆனால் ஒரு பிளாக்கும் வரவில்லை. கடந்த ஆண்டு இப்படி மறுபடி உலர்த்தியதற்கு மட்டும் ₹1.38 லட்சம் போயிருக்கிறது. கொச்சிக்குத் தாமதமாகப் போன இரண்டு கன்டெய்னர்களுக்கு வாங்குபவர் பிடித்துக்கொண்ட தொகை ₹1.90 லட்சம்.

3. தொகை விவரம் (ரூபாயில்)

| இனம் | தொகை |
|---|---|
| உலர்த்தி டிரம், உலை, புளோயர், சைக்லோன் | 31,00,000 |
| கொட்டகை, 2,400 ச.அடி, ச.அடிக்கு 400 | 9,60,000 |
| கூடுதல் மின்பளு, வயரிங், பேனல் | 3,40,000 |
| கன்வேயர் | 2,00,000 |
| ஸ்லைடுகளின்படி கூட்டல் | 46,00,000 |
| கொட்டகை மீதான ஜி.எஸ்.டி., 18% | 1,72,800 |
| புகைபோக்கி, தூசி அடக்கும் நீர்த்தொட்டி | 2,40,000 |
| லாரி வாடகை, கிரேன் | 60,000 |
| எதிர்பாராச் செலவு | 2,27,200 |
| மொத்தம் | 53,00,000 |

கடைசி நான்கு இனங்களும் ஸ்லைடுகளில் இல்லை, நான் சேர்த்தவை. புகைபோக்கியும் தூசி அடக்கும் ஏற்பாடும் இல்லாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைக் கேட்டுப் போவதில் பயனில்லை. கரிக்கும் புகைக்கும் முதலில் புகார் கொடுக்கப்போவது பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்தான்.

4. ஜி.எஸ்.டி. நிலை

நாம் எல்.யு.டி. கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறோம். சேர்ந்துபோன உள்ளீட்டு வரியைத் திரும்பக் கேட்கும்போது மூலதனப் பொருட்கள் மீதான வரி அந்தக் கணக்கில் வராது. ஆகவே இயந்திரங்களின் ₹7,09,200 ரீஃபண்டாகக் கிடைக்காது. உள்நாட்டு விற்பனை மீதான வரியில் மாதம் சுமார் ₹30,000 வீதம் கழித்துக்கொள்ளலாம். தீர ஏறக்குறைய 24 மாதம் ஆகும். இது செலவு இல்லைதான், ஆனால் அவ்வளவு நாளும் பணம் முடங்கும். கொட்டகை அசையாச் சொத்து என்பதால் அதன் வரிக்குக் கிரெடிட்டே கிடையாது. அதனால்தான் அதை மேலே விலையோடு சேர்த்தேன். இயந்திர அஸ்திவாரத்துக்குக் கிரெடிட் உண்டு என்பதால், ஒப்பந்தக்காரர் அதற்குத் தனி பில் போட வேண்டும்.

5. எதிர்பார்க்கும் வரவு

ஸ்லைடு 9 சொல்வது: நாளுக்கு 7 டன், 120 நாள், டன்னுக்கு ₹4,800, ஆக ஆண்டுக்கு ₹40.32 லட்சம், 14 மாதத்தில் முதல் மீளும். இதை அப்படியே ஏற்க முடியவில்லை. 120 நாள் என்பது மழைக்காலத்தின் நீளம், உற்பத்தி விழுந்த நாட்கள் அல்ல. ₹4,800 என்பது வெயிலில் காயும் பித்துக்கு, எல்லாச் செலவும் போக டன்னுக்கு நிற்பது. வெயிலுக்குக் கூலி இல்லை, உலைக்கு உண்டு. விறகு ₹1,190, மின்சாரம் ₹350, ஆள் ₹260, ஆக டன்னுக்கு ₹1,800 கழித்தால் நிற்பது ₹3,000.

இயந்திரம் நிற்கும் நேரத்தையும் கருதி நாளுக்கு 6 டன் என்றே வைத்திருக்கிறேன். 74 நாளுக்கு 444 டன், அதாவது ₹13.32 லட்சம். தாமதத் தள்ளுபடியும் மறு உலர்த்தலும் மிச்சமாவதில் ₹3.28 லட்சம். பராமரிப்பு ₹1.20 லட்சம் போக ஆண்டு நிகர வரவு ₹15.40 லட்சம். முதல் மீள ஏறக்குறைய 3 ஆண்டு 5 மாதம். முதலீட்டின் மேல் ஆண்டுக்கு 29%.

10.5% வட்டியில் ஐந்தாண்டுக் கடனுக்கு மாதத் தவணை சுமார் ₹86,000, ஆண்டுக்கு ₹10.32 லட்சம். இந்தத் தவணையையும் பராமரிப்பையும் உலர்த்தி தானே ஈட்ட வேண்டுமென்றால் ஆண்டுக்கு 64 மழைநாள் வேண்டும். 2023 போல 58 நாளே அமைந்தால் ₹1.08 லட்சம் கையிலிருந்து போகும். மழை குறைந்தால் நமக்கு நஷ்டம் என்று எழுதுவது இந்தத் தொழிலில் விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டில் களமே கூடுதலாக உலர்த்திக் கொடுத்துவிடும் என்பதால் ஆலையின் மொத்த வரவு குறையாது.

6. பார்த்த மாற்று வழிகள்

வெளி ஆலையில் கூலிக்கு உலர்த்தினால் டன்னுக்கு ₹2,600, வண்டி வாடகை ₹500. நிற்பது ₹1,700, முதலீடு இல்லை. காகிதத்தில் நல்ல வழி. ஆனால் நமக்கு மழை பெய்யும் நாளில்தான் எல்லோரும் அங்கே வரிசையில் நிற்பார்கள். போன நவம்பரில் கேட்டபோது ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னார்கள். மீனாட்சிபுரம் பக்கம் களத்துக்கு நிலம் பிடிக்கும் யோசனையைத் தள்ளிவிட்டேன். எல்லை தாண்டினாலும் மழை அதே மழை. பாலித்தீன் கூடாரம் மலிவு, ஈரக் காற்றில் பயனில்லை.

7. நிபந்தனைகள்

இசைவாணையும் கூடுதல் மின்பளு அனுமதியும் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்கக் கூடாது. பணம்: ஆர்டரோடு 30%, சரக்கு ஏற்றும்போது 50%, நிறுவியதும் 10%. கடைசி 10%, 30 நாள் ஓட்டிப் பார்த்து மணிக்கு அரை டன் வீதம் 18%க்கு மேல் ஈரமில்லாமல் தந்தால் மட்டும். சோதனை ஈரமான பித்தில் நடக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் காய்ந்ததைப் போட்டுக் காட்டி ரசீது வாங்கிப் போக விடக் கூடாது.

ஜூன் முதல் வாரத்துக்குள் ஓட வேண்டுமானால் பிப்ரவரி 27க்குள் முடிவு தேவை. இயந்திரம் செய்து தர மூன்று மாதம் கேட்கிறார்கள்.

8. ஒப்புதலுக்கான ஆணை வாசகம்

"கோபாலபுரம் ஆலையில் காயர் பித் உலர்த்தி நிறுவ ₹53,00,000 (ஐம்பத்து மூன்று லட்சம்) மூலதனச் செலவும், ₹40,00,000 வங்கிக் கடன் பெறுதலும், இயந்திர ஜி.எஸ்.டி.க்கு ₹7,09,200 சொந்த நிதியிலிருந்து வழங்குதலும் பத்தி 7இன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒப்பளிக்கப்படுகின்றன. ஃபோர்க்லிஃப்ட் கோரிக்கை இதில் அடங்காது."

மேலாளர், கணக்குப் பிரிவு

இணைப்பு: களப் பதிவேட்டுச் சுருக்கம் 2023–2025, மூன்று விலைப்புள்ளிகள், 14 ஸ்லைடுகளின் அச்சு