உங்கள் மகளை நினைத்து, சபையார் எழுதுவது

அன்பிற்குரிய தம்பிக்கும் தங்கைக்கும், பிள்ளையின் ஆத்தாவுக்கும் அப்புச்சிக்கும் அம்மிச்சிக்கும்,

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு, உங்களுக்கு என்ன எழுதுவது என்று இரண்டு முறை கூடிப் பேசினோம். உங்கள் துயரத்தைக் குறைக்கும் சொல் எங்களிடம் இல்லை.

அன்று எங்களில் சிலர், "வயது இருக்கிறது, அடுத்த பிள்ளையைக் கர்த்தர் தருவார்" என்றும், "எல்லாம் அவர் சித்தம்" என்றும் உங்கள் காதுபடச் சொன்னோம். ஆறுதலாக நினைத்துச் சொன்னவைதாம். ஆனால் அவை உங்களை எவ்வளவு நோகடித்திருக்கும் என்பது பிறகே எங்களுக்கு உறைத்தது. இந்தப் பிள்ளையின் இடம் இந்தப் பிள்ளைக்கே உரியது. சபையாக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். யோபுவைத் தேடி வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவரைப் புண்படுத்தினார்கள். லாசருவை எழுப்பப் போவதை அறிந்திருந்த இயேசுவும், அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். ஆகவே உங்கள் அழுகையை விசுவாசக் குறைவு என்று எங்களில் எவரும் சொல்லமாட்டோம்.

தங்கையே, நிறைமாதம் வரை தறிப் பட்டறைக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்றோ என்று நீங்கள் கேட்டதாக ஆயரம்மா சொன்னார். பிறவியிலேயே இதயத்தில் இருந்த குறை என்றும், நீங்கள் செய்த எதனாலும் அது வரவில்லை என்றும் மருத்துவர் சொன்னதைத் தயவுசெய்து நம்புங்கள். பால் கட்டி வலி எடுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். நம் சபையில் செவிலியராக இருக்கும் அக்காவை எந்நேரமும் கூப்பிடலாம்.

தம்பி, அந்தச் சிறிய பெட்டியை வேறு ஒருவர் கையிலும் கொடுக்காமல் நீங்களே சுமந்து வந்ததைப் பார்த்தோம். எல்லோரையும் நீங்கள்தான் தேற்ற வேண்டும் என்று சொன்னவர்கள், நீங்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்பதை மறந்துவிட்டார்கள்.

பாப்பா எப்போது வருவாள் என்று கேட்கும் உங்கள் மகனிடம், அவள் தூங்குகிறாள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். தூங்கவே அவன் பயந்துவிடக் கூடாது. நீங்கள் எப்படிச் சொல்லியிருக்கிறீர்களோ, ஞாயிறு பள்ளி ஆசிரியையும் அப்படியே சொல்வார்.

உங்கள் மகள் இவ்வுலகில் இருந்தது 11 நாட்கள். மருத்துவமனையில் ஆயர் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நீங்கள் வைத்த பெயர், சபையின் பதிவேட்டில் எங்கள் பெயர்களோடு இருக்கிறது. உங்களுக்குச் சம்மதமானால், அந்தப் பெயரைச் சொல்லியே ஞாயிறு ஆராதனையில் ஜெபிப்போம். வேண்டாம் என்றால் மனதுக்குள் ஜெபிப்போம்.

இந்த மாதம் முழுவதும் இரவுச் சாப்பாடு பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வரும். நாளைக்கு அரிசிம்பருப்புச் சோறும் ரசமும். தூக்குப் பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவோம். பேச மனமில்லாத நாளில் கதவைத் திறக்க வேண்டாம்.

உங்களோடு அழும்,
கோபிசெட்டிபாளையம் சபையார்