மூணு சமன்பாடு கணக்கு: நீ அனுப்புன பக்கத்துக்கு முழு ஸ்டெப்ஸ்

தம்பி, போட்டோ கிடைச்சுது. பக்கத்தோட வலது ஓரம் நிழல்ல போயிடுச்சு, அதனால கணக்கை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் எப்படி படிச்சேன்னு எழுதிடறேன், நீ உன் புக்கை வச்சு ஒரு தடவை சரி பாத்துக்கோ.

```
2x + 3y −  z = −2   ...(1)
 x − 2y +  z =  7   ...(2)
3x +  y + 2z = 11   ...(3)
```

ரெண்டாவது சமன்பாட்டுல வலது பக்கம் இருக்குறது 1-ஆ 7-ஆன்னு ஜூம் பண்ணி பாத்தும் தெரியல. கீழ நீ பென்சில்ல போட்ட வேலைய பாத்துதான் முடிவு பண்ணேன், அங்க (2)-ஐ ரெண்டால பெருக்கி `2x − 4y + 2z = 14`ன்னு எழுதியிருக்க, 14 வந்திருக்குன்னா மேல இருந்தது 7 தான். இதை ஏன் இவ்ளோ பெருசா சொல்றேன்னா, 7-ன்னு வச்சாலும் 1-ன்னு வச்சாலும் இந்த கணக்குல விடை முழு எண்ணாவே வருது. ரெண்டையும் போட்டுப் பாத்துட்டேன். அதனால "விடை அழகா வந்துடுச்சு, அப்போ சரியாத்தான் இருக்கும்"ங்கிற நம்பிக்கை இங்க உதவாது, கேள்விய சரியா எடுத்து எழுதுறதுதான் முதல் வேலை.

இப்போ உன் வேலைக்கு வரேன். z-ஐ நீக்கலாம்னு நீ எடுத்த முடிவு ரொம்ப சரி, ஏன்னா z-ஓட கெழுக்கள் −1, 1, 2, எல்லாம் சின்ன எண், (1)லயும் (2)லயும் குறி வேற எதிரா இருக்கு, சும்மா கூட்டினாலே போயிடும். x-ஐயோ y-ஐயோ எடுத்திருந்தா பெருக்கல் அதிகமாகும். முதல்ல (1)ஐயும் (2)ஐயும் கூட்டினது:

```
3x + y = 5   ...(4)
```

இது நீ போட்டதும் சரி. அடுத்து (2)-ஐ ரெண்டால பெருக்கினதும் சரி, வலது பக்கத்தையும் மறக்காம பெருக்கியிருக்க, நிறைய பேர் அங்கதான் விட்டுடுவாங்க. அதுக்கப்புறம் (3)ல இருந்து அதை கழிக்கும்போதுதான் சிக்கல். y இருக்குற இடத்துல 1-ல இருந்து −4-ஐ கழிக்கணும், அதாவது 1 + 4, அது 5. நீ −3ன்னு போட்டிருக்க, அங்க மட்டும் கழிக்காம கூட்டிட்ட. x-க்கும் z-க்கும் வலது பக்கத்துக்கும் கழிச்சிருக்க, y-க்கு மட்டும் கூட்டல் ஆயிடுச்சு.

```
  3x +  y + 2z = 11
−(2x − 4y + 2z = 14)
---------------------
   x + 5y      = −3   ...(5)
```

இந்த இடத்துல தப்பு வராம இருக்க எனக்கு பிடிச்ச வழி என்னன்னா, கழிக்கவே மாட்டேன். (2)-ஐ 2-க்கு பதிலா −2 ஆல பெருக்கி `−2x + 4y − 2z = −14`ன்னு முழுசா குறி மாத்தி எழுதிட்டு அப்புறம் கூட்டுவேன். ஒரு வரி கூடுதலா எழுதணும் அவ்ளோதான், ஆனா குறி மாத்துற வேலையும் கூட்டுற வேலையும் தனித்தனியா நடக்கும், ரெண்டையும் ஒரே நேரத்துல மனசுல பண்ண வேண்டியதில்ல.

இனிமே (4), (5) ரெண்டு சமன்பாடு, ரெண்டு மாறி. (5)ல இருந்து `x = −3 − 5y`, அதை (4)ல போடு:

```
3(−3 − 5y) + y = 5
−9 − 15y + y = 5
−14y = 14
y = −1
```

அப்போ x = −3 + 5 = 2. (2)ல போட்டா 2 + 2 + z = 7, z = 3. விடை x = 2, y = −1, z = 3.

சரி பாக்குறத பத்தி கொஞ்சம் பேசணும், ஏன்னா உன் பக்கத்துல இருக்குற மிக முக்கியமான விஷயம் இதுதான். உனக்கு y = 7/5, x = 6/5, z = 43/5ன்னு வந்திருக்கு, (1)லயும் (2)லயும் போட்டுப் பாத்து டிக் அடிச்சிருக்க. போட்டா ரெண்டுமே நிஜமாவே சரியாத்தான் வரும்! (1)ல 12/5 + 21/5 − 43/5 = −10/5 = −2. (2)லயும் 7 வந்துடும். ஆனா (3)ல போடு, 18/5 + 7/5 + 86/5 = 111/5, அது 11 இல்ல. ஏன் இப்படி ஆச்சுன்னா தப்பு நடந்தது (3)-ஐ தொட்ட ஸ்டெப்புல, (1), (2)ல இருந்து வந்த (4) சுத்தமா இருக்கு, கடைசில z-ஐயும் (2)ல இருந்துதான் எடுத்த, அதனால தப்பு இருந்தும் அந்த ரெண்டு சமன்பாடும் திருப்தியாயிடுச்சு. மூணு சமன்பாடு இருந்தா மூணுலயும் போட்டுப் பாக்கணும், ரெண்டோட நிறுத்தினா அது சரிபார்த்ததாவே ஆகாது. நம்ம விடைக்கு (1): 4 − 3 − 3 = −2, (2): 2 + 2 + 3 = 7, (3): 6 − 1 + 6 = 11. மூணும் வந்துடுச்சு.

அடுத்து பக்கத்தோட கீழ்ப்பகுதில இதையே அணி முறைல பண்ணச் சொல்லியிருக்கு, அதை நீ தொடவே இல்ல, பயந்துட்டியோன்னு தோணுது. பயப்பட ஒண்ணுமே இல்ல, இப்போ பண்ணதேதான், x y z எழுதாம எண்ண மட்டும் எழுதுறோம். கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னாடியே சீனாவுல எண்ணிக்கை குச்சிகள கட்டம் கட்டமா அடுக்கி இதே வேலைய பண்ணியிருக்காங்க, காஸ் பேர் இதுக்கு வந்தது ரொம்ப பிற்காலத்துல. கெழுக்களையும் வலது பக்க எண்களையும் சேத்து எழுதினா விரிவுபடுத்தப்பட்ட அணி:

```
[ 2   3  −1 | −2 ]
[ 1  −2   1 |  7 ]
[ 3   1   2 | 11 ]
```

இடது மேல் மூலைல 1 இருந்தா வேலை சுலபம், இல்லேன்னா பின்னம் வந்துடும். நமக்கு ரெண்டாவது நிரைலயே 1 ரெடியா இருக்கு, அதனால R1-ஐயும் R2-ஐயும் இடம் மாத்திடலாம். சமன்பாடுகள எந்த வரிசைல எழுதினா என்ன, விடை மாறப்போறதில்ல.

```
R1 ↔ R2

[ 1  −2   1 |  7 ]
[ 2   3  −1 | −2 ]
[ 3   1   2 | 11 ]
```

இப்போ முதல் நிரல்ல அந்த 1-க்கு கீழ இருக்குற 2-ஐயும் 3-ஐயும் பூஜ்யமாக்கணும்.

```
R2 → R2 − 2R1
R3 → R3 − 3R1

[ 1  −2   1 |   7 ]
[ 0   7  −3 | −16 ]
[ 0   7  −1 | −10 ]
```

இங்க ஒவ்வொரு எண்ணா பாத்துக்கோ, R2ல நடுவுல 3 − 2(−2) = 7, நீ முன்னாடி தப்பு பண்ண அதே மாதிரியான இடம், மைனஸ கழிச்சா பிளஸ். கோட்டுக்கு அந்தப் பக்கம் −2 − 14 = −16. R3ல 1 + 6 = 7, 2 − 3 = −1, 11 − 21 = −10. ரெண்டு நிரைலயும் 7 வந்தது நம்ம அதிர்ஷ்டம், ஒரே கழித்தல்ல முடியுது:

```
R3 → R3 − R2

[ 1  −2   1 |   7 ]
[ 0   7  −3 | −16 ]
[ 0   0   2 |   6 ]
```

இதுதான் ஏறுபடி வடிவம். கடைசி நிரை 2z = 6ன்னு சொல்லுது, z = 3. மேல ஏறு, 7y − 9 = −16, y = −1. இன்னும் மேல, x + 2 + 3 = 7, x = 2. அதே விடை. காஸ்-ஜோர்டன் முறைல கேட்டா மட்டும் இன்னும் தொடர்ந்து மேல இருக்குறதையும் பூஜ்யமாக்கணும், R3-ஐ 2-ஆல வகுத்துட்டு R2 → R2 + 3R3, R1 → R1 − R3, அப்புறம் R2-ஐ 7-ஆல வகுத்து R1 → R1 + 2R2, முடிஞ்சா விடை வலது நிரல்ல 2, −1, 3ன்னு நேராவே நிக்கும். கேக்கலேன்னா அதை பண்ணாத, பின்னாடி இருந்து பிரதியிடுறது சீக்கிரம் முடியும்.

நிரைய இடம் மாத்துறது, பூஜ்யம் இல்லாத எண்ணால பெருக்குறது, ஒரு நிரையோட மடங்க இன்னொண்ணோட கூட்டுறது, இந்த மூணு மட்டும் ஏன் அனுமதின்னா, மூணையுமே திருப்பிப் போட்டு பழைய அணிக்கு வந்துடலாம், அதனால விடை எதுவும் தொலையாது, புதுசா எதுவும் நுழையாது. பூஜ்யத்தால பெருக்கினா அந்த சமன்பாடே அழிஞ்சுபோகும், திரும்ப வர வழியில்ல. இன்னொரு ஆபத்தும் இருக்கு, ஒரே ஸ்டெப்புல R1 → R1 − R2, R2 → R2 − R1 ரெண்டையும் பழைய எண்கள வச்சே பண்றது. அப்படி பண்ணா ஒரு நிரை இன்னொண்ணோட மைனஸ் ஆயிடும், ஒரு சமன்பாடு சத்தமில்லாம காணாமப் போயிடும். எந்த நிரைய வச்சு கழிக்கிறியோ அந்த நிரைய அந்த ஸ்டெப்புல தொடாத.

கடைசியா ஒண்ணு, இது உன் பக்கத்துல இல்ல ஆனா இதே எண்களை வச்சு நல்லா புரியும். (3)ல `2z` போட்டோவுல மறைஞ்சுபோய் நான் அதை `3x + y = 11`ன்னு படிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? (1), (2)ஐ கூட்டினா 3x + y = 5ன்னு வருது, இது 11ங்குது, ரெண்டும் ஒண்ணா நடக்க முடியாது. அணில போட்டா கடைசி நிரை `[ 0 0 0 | 6 ]`, அதாவது 0 = 6, தீர்வே இல்ல. வலது பக்கமும் 5ஆ இருந்திருந்தா கடைசி நிரை முழுக்க பூஜ்யம், மூணாவது சமன்பாடு புதுசா எதுவும் சொல்லல, எண்ணற்ற தீர்வுகள். வெறும் ரெண்டு ஸ்டெப்புல அணி இதை காட்டிக் குடுத்துடும், அதனாலதான் எனக்கு இந்த முறை ரொம்ப பிடிக்கும்.

உனக்கு ஒரு வேலை தரேன். (2)ல 7-க்கு பதிலா 1ன்னு வச்சு அணி முறைல மட்டும் போடு. இடது பக்க எண்கள் எதுவுமே மாறாது, அதே ஸ்டெப்ஸ்தான், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற நிரல மட்டும் மறுபடி கணக்குப் பண்ணா போதும். x = −1, y = 2, z = 6 வரணும். மூணு சமன்பாட்டுலயும் போட்டுப் பாத்துட்டு பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பு, இந்த தடவை வெளிச்சத்த பாத்து நேரா மேல இருந்து எடு.