வேலிப் படல்

"தேதி போட்டியா ஆத்தா?"

போட்டேன். அப்பத்தா சொல்லச் சொல்ல அவள் உயிலை எழுதிக்கொண்டிருந்தேன். கோயில் பள்ளிக்கூடத்தில் ஞாயிறுதோறும் படித்த தமிழ் என்னுடையது. பர்மிய எழுத்தில் எழுதினால் சீக்கிரம் முடியும். அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. தான் வாசிக்க முடியாத காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டாளாம்.

"வீடு உங்கப்பனுக்கு. கீழ்ப்புறத்து அறை உங்க அத்தைக்கு, அவ இருக்கிற வரைக்கும். தேக்குப் பெட்டியும் அவளுக்குத்தான். சாவி தொலைஞ்சு போச்சு, அதையும் எழுது. அம்மி உனக்கு."

வீட்டையே ஒரு மூச்சில் கொடுத்தவள், அம்மிக்கு வந்ததும் நின்றாள். 1964இல் அவள் அண்ணன் குடும்பத்தோடு கப்பல் ஏறியபோது விட்டுப்போன அம்மி அது. ஒரு வருஷத்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணி பெகு ஸ்டேஷனில் சொன்னாளாம்.

"திருச்சியிலேர்ந்து யாராச்சும் வந்து கேட்டா குடுத்திரணும்."

எழுதினேன். கேட்டு வர அங்கே யார் மிச்சமிருக்கிறார்களோ.

"இப்ப வேலிப் படலை எழுது."

பக்கத்து வீட்டு டோ சீ எங்கள் கிணற்றுக்கு வரும் மூங்கில் படல். அங்கேதான் அப்பா சுவர் எழுப்பப் போகிறார். செங்கல் வாசலில் வந்து இறங்கி ஒரு வாரமாகிறது. கூடத்தில் ரேடியோ சத்தம் குறைந்தது.

"1987ல நோட்டு செல்லாதுன்னு சொன்னான் பாரு. இருபத்தஞ்சு, முப்பத்தஞ்சு, எழுபத்தஞ்சு, மூணும் போச்சு. மாத்திக்கவும் விடல. தகரக் கூரை போட உங்கய்யா சேத்து வச்சது பூரா எழுபத்தஞ்சு கியாட் நோட்டு. மறுநா உலைக்கு அரிசி இல்ல. அந்தப் படல் வழியாத்தான் டோ சீ வந்தா. அவ வீட்டுலயும் அதே கதைதான். பானையில கிடந்ததுல பாதிய அள்ளிக்கிட்டு வந்தா."

"இதை எப்படி அப்பத்தா உயில்ல எழுதறது?"

"கதையை எதுக்கு எழுதற? படலை அடைக்கக் கூடாது. டோ சீக்கும் அவ பிள்ளைகளுக்கும் கிணத்துல தண்ணி உண்டு. அம்புட்டுத்தான்."

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். டோ சீயைக் கூப்பிடட்டுமா என்றேன்.

"அவ போடக் கூடாது. பங்கு உள்ளவ சாட்சி போடாம இருக்கறதுதான் நல்லதாம், தர்மகர்த்தா சொன்னாரு. அவரும் பூசாரியும் போடட்டும்."

அப்பா நிலைப்படியில் வந்து நின்றார். "அப்ப அந்தச் செங்கல்லை நான் என்னம்மா பண்றது?"

அப்பத்தா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"கோழிக்கூடு கட்டிக்கிறச் சொல்லு. அதையும் எழுதிக்க."